ரசீதின் பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்

சலவைக்குக் கொடுத்த புதுப் புடவை தொலைந்துவிடுகிறது. கேட்டால் கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டுகிறார்: துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம் மட்டுமே தரப்படும். அச்சடித்தே கொடுத்துவிட்டார்களே, இனி என்ன பேசுவது என்று பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். முதல் தவறு அதுதான்.

இதே மாதிரி ஒரு வழக்கு 1960-களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அந்த நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இப்படி ஒரு வரி செல்லும் என்றால், யாருடைய புதுத் துணியையும் 15 சதவீத விலைக்குச் சலவைக்காரர் தனதாக்கிக்கொள்ளலாமே! நேர்மையில்லாதவருக்கு அது பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ரசீதின் பின்பக்க நிபந்தனைகளும் ஒருவகை ஒப்பந்தம்தான். இந்த வகை ஒப்பந்தங்களை ஒரு தரப்பே எழுதி, அச்சடித்து, எல்லாருக்கும் ஒரே தாளாக நீட்டுகிறது. நாம் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. ஏற்றுக்கொள் அல்லது போய்விடு என்பதுதான் நிலை. அதனால்தான் பல நாட்டுச் சட்டங்கள் இவற்றைத் தனிக் கண்ணோடு பார்க்கின்றன.

ஒரு நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்துமா என்று பார்க்க முதலில் கேட்க வேண்டியது, அதை எப்போது காட்டினார்கள் என்பது. 1970-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கார் நிறுத்துமிடத்தின் வாசலில் இருந்த இயந்திரம் சீட்டைத் தள்ளியது, கார் உள்ளே போனது. காருக்குச் சொந்தக்காரர் அங்கே காயமடைந்து இழப்பீடு கேட்டபோது, காயத்துக்குப் பொறுப்பில்லை என்று உள்ளே அறிவிப்பு இருக்கிறது என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இயந்திரத்தோடு பேரம் பேசவும் முடியாது, சீட்டு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிட்டது. பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் பில்லின் பின்பக்க வரிகளையும் இந்தக் கேள்வியோடு பாருங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை வேறு. 1934-ல், அதே இங்கிலாந்தில், தன் கடைக்கு சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கிய ஒரு பெண் பொடி எழுத்துப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினால் ஒழிய, படித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று சொல்லி, நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நுகர்வோர் சட்டங்கள் பின்னாளில் இந்தக் கடுமையைக் குறைத்தன. ஆனாலும் பழக்கமாக நாம் செய்யும் ஒரு தவறு இன்னும் ஆபத்தானது: பெட்டியைப் பிரிக்காமலே ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடுவது. அவசரப்படுத்தினால், ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். அச்சடித்த வரியை மாற்ற முடியாதபோதும், கையால் எழுதிச் சேர்த்த வரி சாட்சியாக நிற்கும்.

சரி, எந்த நிபந்தனை நியாயமற்றது? நான் பார்க்கும் எளிய வழி, அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்ப்பது. நீங்கள் ஒரு நாள் தாமதித்தால் அபராதம். அவர்கள் ஒரு மாதம் தாமதித்தால்? காரணம் சொல்லாமல் அவர்கள் சேவையை நிறுத்தலாம். நீங்கள் நிறுத்தினால் முன்பணம் போய்விடுமா? தட்டு ஒரே பக்கம் சாய்ந்தால் சண்டை போட இடமிருக்கிறது. நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு சட்ட உத்தரவும் இந்தச் சமநிலைக் குலைவைத்தான் பார்க்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதைத் தனியாக வரையறுக்கிறது.

இங்கேதான் பலர் இன்னொரு தவறு செய்கிறார்கள்: விலை அதிகம் என்பதையும் நியாயமற்ற நிபந்தனை என்று புகார் எழுதுகிறார்கள். தெளிவாகச் சொன்ன விலையை இந்தச் சட்டங்கள் பொதுவாகத் தொடுவதில்லை. தெரியாமல் ஒளித்து வைத்த கட்டணமா, ஒருதலையாகப் பிற்பாடு விலையை ஏற்றும் உரிமையா, அதைப் பிடியுங்கள்.

அப்புறம், ஒரு வரி செல்லாது என்று தெரிந்ததும் மொத்தப் பணத்தையும் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த வரி மட்டுமே விழும்; மீதி ஒப்பந்தம் அப்படியே நிற்கும். தவணையை நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். அந்த நிபந்தனையின் எண், அது உங்களுக்கு முதலில் எப்போது காட்டப்பட்டது, அதனால் என்ன இழந்தீர்கள் என்ற மூன்றையும் கடிதமாக எழுதி, பதில் தர நாள் குறித்து அனுப்புங்கள். பில், சீட்டு, பதிவு செய்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றின் நகலையும் கூடவே வையுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையமோ மன்றமோ முதலில் கேட்பது இந்தக் கட்டைத்தான்.