பாடத்திட்டத்தைப் பார்த்தோம், இரண்டாம் மொழியைப் பார்க்கவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். செம்பனை ஆலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஊர் திரும்பும் முன் கேட்பது ஒன்றுதான்: சிபிஎஸ்இயா, ஸ்டேட் போர்டா? அடுத்த வேலை சென்னையிலா பெங்களூரிலா என்று தெரியாதவர்கள் சட்டென்று சிபிஎஸ்இ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

சிபிஎஸ்இ எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நம்புவது

கணக்கும் அறிவியலும் ஒன்றுதான். இரண்டாம் மொழி அப்படியில்லை. சிபிஎஸ்இயில் தமிழ் உண்டு, பாட எண் 006. ஆனால் அதை நடத்த அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்க வேண்டும்.

என் மகன் இங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவன். பெங்களூரில் எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். கட்டணம், பேருந்து, சீருடை எல்லாம் விசாரித்தோம். மொழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இருந்தவை இந்தி, கன்னடம், சமஸ்கிருதம். சரி, இந்தி எடுக்கட்டும் என்றோம். வகுப்புப் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, இவன் எழுத்துக்கு மேலே கோடு இழுக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்குப் பெயர் பதிந்தபோது இந்திதான் பதிவானது.

அடுத்த ஆண்டு கோயம்புத்தூருக்கு மாறினோம். அந்தப் பள்ளியில் தமிழ் இருந்தது. ஆனாலும் ஒன்பதில் எடுத்த மொழியில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தமிழை நன்றாக எழுதுகிற பிள்ளை, இரண்டு வருடம் இந்தி டியூஷனுக்கு ஓடினான். கணக்குக்குப் போக வேண்டிய மாலைகள் அதில் போயின. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு கேள்வியில் தவிர்த்திருக்கலாம்.

அந்தக் கேள்வி இதுதான்: "ஒன்பதிலும் பத்திலும் இரண்டாம் மொழியாக எதை நடத்துகிறீர்கள்?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்பில் தமிழ் இருக்கிறது என்பது போதாது, மேல் வகுப்பில் நிறுத்திவிடும் பள்ளிகள் உண்டு. போகும் ஊர் உறுதியில்லை என்றால், பிள்ளை சிறியதாக இருக்கும்போதே இந்தி எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். பதின்மூன்று வயதில் முதல் எழுத்திலிருந்து தொடங்குவது பிள்ளைக்குப் பெரிய பாரம்.

தமிழ்நாட்டுக்குள்தான் மாறுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு ஸ்டேட் போர்டே நல்லது. இங்கே கற்ற தமிழ் அப்படியே கைகொடுக்கும். தமிழ்நாட்டைத் தாண்டினால் அந்தப் பாடத்திட்டம் கூடவே வராது.

பள்ளி திறக்கும் மாதம்

சிபிஎஸ்இ ஏப்ரல், தமிழ்நாட்டு ஸ்டேட் போர்டு ஜூன். விமானச் சீட்டு எடுக்கும் முன் பாருங்கள்.

பத்தாம் வகுப்பில் மாறுவது

சிபிஎஸ்இயில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு. வேறு போர்டிலிருந்து நேரே பத்தில் சேர, பெற்றோரின் வேலை மாற்றல் உத்தரவைக் காட்டி போர்டின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முடிந்தால் எட்டு முடிந்த கையோடு மாறிவிடுங்கள்.