பிழையாக வந்த காசு: திருப்பிக் கொடுக்க முன் எழுதும் மெசேஜை எப்படித் திருத்துவது?

என் ஒன்றுவிட்ட தங்கச்சி சுன்னாகத்தில் வீட்டில் இருந்தபடி சாறி விற்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பாங்க் பூட்டின பிறகு, 48,500 ரூபா கணக்கில் வைப்பாகியிருக்கிறது என்று அவளுடைய போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. பத்து நிமிடம் போகவில்லை, தெரியாத இலக்கத்தில் இருந்து ஒருவர் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு இலக்கம் மாறி உங்கட கணக்குக்குப் போட்டிட்டன். வீட்டுக்கு ஓடு வாங்க வைச்ச காசு. நான் ஒரு கணக்கு இலக்கம் அனுப்புறன், அதுக்குப் போட்டு விடுங்கோவன்."

அவள் நல்ல பிள்ளை. உடனே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் எழுதினாள். அனுப்ப முன் எனக்குக் காட்டியதுதான் புண்ணியம்:

> அண்ணை ஓம், உங்கட 48,500 வந்திருக்கு. யோசிக்காதேங்கோ, இப்பவே அனுப்புறன். கணக்கு இலக்கத்தை அனுப்புங்கோ. நம்பிக்கைக்கு என்ர ஐ.டி. படமும் போடுறன்.

இந்த நாலு வரியும் அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் அவளை ஒரு பொறிக்குள் கொண்டுபோய் விடக்கூடியது. இதை எப்படித் திருத்தினோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எழுத முன் காசு உண்மையில் வந்ததா என்று பாருங்கள்

எஸ்.எம்.எஸ்.ஸை நம்பவேண்டாம். பாங்க் அனுப்பியது போலவே யாரும் ஒரு எஸ்.எம்.எஸ். எழுதி அனுப்பலாம். பாங்கின் செயலியை நீங்களே திறந்து, கணக்கு விபரத்தில் அந்த வரவைத் தேடுங்கள். ஒரு பாங்கில் இருந்து இன்னொரு பாங்குக்கு உடனே வரும் பரிமாற்றம் என்றால் பெரும்பாலும் CEFTS என்று பக்கத்தில் இருக்கும். காசோலை வைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மீதியில் தொகை தெரிந்தாலும், அந்தக் காசோலை தேறும்வரை அது உங்கள் காசும் இல்லை, அவருடைய காசும் இல்லை. நீங்கள் இன்று சொந்தக் காசை எடுத்துத் திருப்பிக் கொடுத்து, நாளைக்கு அந்தக் காசோலை திரும்பினால் நட்டம் உங்களுக்குத்தான்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சோலியும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மச்சாளோ உண்டியலில் காசு போட்டால், அது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கில் இருந்துதான் வந்து விழும். ஆகவே ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒருக்கால் வைபரில் கேளுங்கள்: "நீங்கள் ஏதும் போட்டனீங்களோ?" தங்கச்சியும் கேட்டாள். ஒருவரும் போடவில்லை. சாறி வாங்கினவர்களின் கணக்கிலும் 48,500 என்று ஒன்றும் இல்லை.

படி 2: அவர் நல்லவரா கள்ளனா என்று தீர்மானிக்க வெளிக்கிடாதேங்கோ

இந்த விசயத்தில் கனபேர் பிழைவிடும் இடம் இதுதான். குரலைக் கேட்டு, "பாவம், உண்மை சொல்லுற ஆள் மாதிரிக் கிடக்கு" என்று முடிவெடுப்பார்கள். அல்லது எடுத்த எடுப்பிலேயே "நீ கள்ளன்" என்று ஏசிப்போட்டு இலக்கத்தை பிளொக் பண்ணுவார்கள். இரண்டும் வேண்டாம். ஓடு வாங்க வைத்த காசைத் தொலைத்த மனிதருக்கும் சரியாக இருக்கவேண்டும், மோசடிக்காரனுக்கு ஒரு வழியும் விடக்கூடாது. அப்படி ஒரே மெசேஜை எழுதமுடியும்.

அதற்கு மோசடி எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும். ஒருவன் இன்னொருவருடைய பாங்க் கணக்குக்குள் களவாக நுழைகிறான், அல்லது ஏமாற்றி ஓ.ரி.பி. வாங்கிவிடுகிறான். எடுக்கும் காசை நேரே தன் கணக்குக்குப் போட்டால் பிடிபடுவான். அதனால் உங்கள் கணக்குக்குப் போட்டுவிட்டு, "பிழையா வந்திட்டுது, இந்தக் கணக்குக்கு மாத்திவிடுங்கோ" என்று மூன்றாவது ஒரு கணக்கைத் தருகிறான். நீங்கள் மாற்றிவிடுகிறீர்கள். காசைப் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்யும்போது, களவுக் காசு போய்ச் சேர்ந்த கணக்கு என்று முதலில் கண்ணில் படுவது உங்களுடையது. கணக்கை முடக்கினால் கடைக் காசும் உள்ளே கிடக்கும். உங்கள் கையில் இருக்கப்போவது "பாவம் என்று அனுப்பினேன்" என்ற கதை மட்டும்தான்.

இதை முறியடிக்க ஒரு விதி போதும்: காசு எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ, அந்தக் கணக்குக்கே பாங்க் மூலம் திரும்பவேண்டும். நல்லவருக்கு அவருடைய காசு போய்ச்சேரும். கள்ளன் என்றால் பறிகொடுத்தவருக்குப் போய்ச்சேரும்.

படி 3: ஒவ்வொரு வரியாக வெட்டுங்கள்

"உங்கட 48,500 வந்திருக்கு." இதில் இரண்டு பிழை. தொகையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தப் பாங்கில் இருந்து என்று அவர்தான் சொல்லவேண்டும். "உங்கட" என்ற சொல் இன்னும் மோசம். அது அவருடைய காசு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"இப்பவே அனுப்புறன்." அவசரம் காட்டுவது அவர், வாக்குக் கொடுப்பது நீங்கள். பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் "என்ன தங்கச்சி, சொன்னனீங்கள் எல்லோ" என்று கேட்க இந்த வரியே அவருக்குப் போதும்.

"கணக்கு இலக்கத்தை அனுப்புங்கோ." எல்லாவற்றிலும் ஆபத்தான வரி. மூன்றாவது கணக்குக்குக் கதவைத் திறந்துவிடுவது இதுதான். வெட்டுங்கள்.

ஐ.டி. படம் போடும் வரியையும் வெட்டுங்கள். காசு திரும்புவதற்கு உங்கள் அடையாள அட்டையை உங்கள் பாங்க் பார்த்தால் போதும். அவருக்கு எதற்கு?

அவருக்குப் போன் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்றும் யோசித்தோம். கணக்கு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்ட ஒருவருக்கு கணக்குக்காரரின் போன் இலக்கம் தானாகத் தெரியவராது. ஆனால் தங்கச்சி கடையின் பேஸ்புக் பக்கத்தில் கணக்கு இலக்கத்தையும் போன் இலக்கத்தையும் சேர்த்தே போட்டு வைத்திருக்கிறாள். ஆகவே அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாமல் போய்விட்டது. (அதைப் பிறகு எடுத்துவிட்டாள்.)

படி 4: திருத்திய மெசேஜ்

> வணக்கம் அண்ணா. நீங்கள் சொன்ன விசயம் விளங்குகிறது. என் கணக்கில் எனக்குரியதல்லாத ஒரு வரவு இருக்கிறது. அதை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.
>
> காசு எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே பாங்க் மூலம் திருப்புகிறேன். வேறு கணக்குக்கோ, ஈசி காஷுக்கோ, கையிலோ தரமுடியாது.
>
> தயவுசெய்து நீங்கள் அனுப்பிய பாங்குக்குப் போய், பிழையான பரிமாற்றம் என்று எழுத்தில் கொடுங்கள். தொகை, திகதி, நேரம், பரிமாற்ற இலக்கம் நாலையும் அதில் எழுதுங்கள். அவர்கள் என் பாங்கைக் கேட்டவுடன் நான் போய்ச் சம்மதக் கடிதம் தருகிறேன். திங்கட்கிழமை காலையில் நானும் என் பாங்குக்கு அறிவிக்கிறேன்.

கவனித்தீர்களா, மறுப்பு இருக்கிறது, ஆனால் ஏச்சு இல்லை. "தொடவில்லை" என்ற வரி அவருடைய பயத்துக்குப் பதில். காசைத் தொலைத்தவர் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான். சம்மதக் கடிதம் பற்றிய வரியும் வெறும் மரியாதைக்கு இல்லை. உடனே வைப்பாகிவிட்ட பரிமாற்றத்தை, அனுப்பியவர் கேட்டார் என்பதற்காகப் பாங்க் பொதுவாகத் தானே இழுத்து எடுக்காது. பெற்றவரின் சம்மதம் வேண்டும். அதைத் தருவேன் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் நேர்மையான மனிதருக்கு நிம்மதி. "திங்கட்கிழமை அறிவிக்கிறேன்" என்று எழுதினால் அன்றைக்கே போகவேண்டும். செய்யாததைச் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதேங்கோ.

படி 5: அவர் நெருக்கும்போது

சனிக்கிழமை காலையில் பதில் வந்தது. "அது மச்சானின்ர கணக்கில இருந்து போட்டது, அவர் கொழும்பில. என்ர கணக்குக்குப் போட்டா நான் அவருக்குக் குடுக்கிறன். உங்கட கரைச்சலுக்கு 2,000 எடுத்துக்கொள்ளுங்கோ."

அந்த 2,000 ரூபாவை எடுக்கக்கூடாது. ஒரு சதம் எடுத்தாலும் "தொடவில்லை" என்ற உங்கள் வரி பொய்யாகிவிடும். மச்சான் கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் பாங்குக்குப் போகவேண்டியவர் மச்சான்தான். புதிதாக விளக்கம் எழுதவேண்டாம், முதல் சொன்னதையே சுருக்கிச் சொன்னால் போதும்:

> அண்ணா, 2,000 வேண்டாம், முழுத் தொகையும் அப்படியே இருக்கிறது. கணக்கு மச்சானுடையது என்றால் அவரே தன் பாங்கில் எழுதிக் கொடுக்கட்டும். காசு அவருடைய கணக்குக்குப் போகும். கதைக்க இருப்பதை இந்த வாட்ஸ்அப்பிலேயே எழுதுங்கள்.

கடைசி வரி முக்கியம். போனில் கதைத்தால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. அவர் அதற்குப் பிறகு மூன்று தரம் எடுத்தார். தங்கச்சி எடுக்கவில்லை.

படி 6: பாங்கில் கொடுக்கும் கடிதம்

திங்கட்கிழமை அடையாள அட்டையும் கணக்குப் புத்தகமும் கொண்டு கிளைக்குப் போனோம். இதற்குப் பெரிய இலக்கணம் ஒன்றும் தேவையில்லை:

> எனது ... இலக்கக் கணக்கில் ... திகதி 48,500 ரூபா வரவு வைக்கப்பட்டுள்ளது. அது எனக்குரியதல்ல. அனுப்பியவரின் வங்கியில் இருந்து கோரிக்கை கிடைத்ததும், அத்தொகையை அது வந்த கணக்குக்கே திருப்புவதற்குச் சம்மதிக்கிறேன். வேறு எந்தக் கணக்குக்கும் மாற்றச் சம்மதமில்லை.

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருந்தவர், "கோரிக்கை இன்னும் வரேல்ல, வந்தா எடுக்கிறம்" என்றார். அதுவரை கணக்கு மீதி 48,500க்குக் கீழே இறங்காமல் பார்க்கவேண்டும். தங்கச்சி அந்தக் கிழமை துணி எடுக்கப் போகாமல் இருந்தது அதனால்தான்.

யாராவது காசு வைப்பு இயந்திரத்தில் இலக்கம் மாற்றிப் போட்டிருந்தால் திரும்பிப் போக ஒரு கணக்கு இருக்காது. அப்போது இயந்திரம் கொடுத்த துண்டோடு அவர் பாங்குக்கு வரவேண்டும். மெசேஜில் "அனுப்பிய பாங்க்" என்ற இடத்தில் அதை எழுதினால் சரி.

எங்களுக்கு வியாழக்கிழமை பாங்கில் இருந்து எடுத்தார்கள். கோரிக்கை வந்திருந்தது, கணக்குக்காரர் உண்மையிலேயே கொழும்பு மச்சான்தான். அடுத்த நாள் 48,500 கழிந்ததாகச் செயலியில் தெரிந்ததும் தங்கச்சி கடைசி மெசேஜை எழுதினாள்:

> அண்ணா, இன்று முழுத் தொகையும் மச்சானின் கணக்குக்குத் திருப்பப்பட்டது. கிடைத்ததும் "கிடைத்தது" என்று இங்கே ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு "கிடைச்சுது தங்கச்சி" என்று வந்தது. அதையும் ஒரு படம் பிடித்து, சீல் போட்ட கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.