ரெஸ்யூமில் படிப்பு மேலே வருமா, வேலை மேலே வருமா?

எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் இரண்டு பக்க ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நாற்பது கம்பெனிக்கு மேல அனுப்பிட்டேன். ஒரு போன்கூட வரல" என்றார். நான் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருடா வருடம் ட்ரெய்னி எடுக்கும்போது வந்து குவியும் ரெஸ்யூம்களைப் பிரிக்க எங்களையும் உட்கார வைப்பார்கள். அதனால்தான் என்னிடம் வந்தார்.

அவர் வந்த பாதை இது. 2018-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தார். அப்புறம் மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். 2021-ல் வேலையை விட்டுவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 2024-ல் முடித்தார். அரியர் இல்லை, பத்துக்கு 8.1 சிஜிபிஏ.

ரெஸ்யூமின் முதல் பக்கத்தில் மேலே நான்கு வரி அப்ஜெக்டிவ், அதற்குக் கீழே முழுக்க அந்த மூன்று வருட வேலை. பி.இ. படித்த விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குக்கு மேலே இருந்தது. அனுப்பியது பெரும்பாலும் கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி வேலைகளுக்கு.

பிரிக்கிறவர் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். ட்ரெய்னி வேலைக்கு அவர் முன்னால் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். எந்த டிகிரி, எந்த வருடம் முடித்தது, எத்தனை சதவீதம், அரியர் உண்டா என்று நான்கைந்து கட்டங்கள். இந்த ரெஸ்யூமைத் திறந்ததும் கண்ணில் படுவது "2018, டிப்ளமோ, இன்ஸ்பெக்டர்". டிப்ளமோக்காரர் தவறிப் போய் விண்ணப்பித்திருக்கிறார் என்று நினைத்து அடுத்ததைத் திறந்துவிடுவார். இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். தம்பியிடம் தகுதி இருந்தது, அது இருந்த இடம்தான் தவறு.

அவருக்குச் செய்து கொடுத்ததையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விளம்பரத்தில் கோடு போடுங்கள்

ரெஸ்யூமைத் தொடும் முன் வேலை விளம்பரத்தைப் பிரின்ட் எடுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இருந்தே ஆக வேண்டும்" என்று அவர்கள் சொல்லும் விஷயங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். "டீமாக வேலை செய்யத் தெரிய வேண்டும்" போன்ற பொதுவான வரிகளை விட்டுவிடுங்கள்.

"2023 அல்லது 2024-ல் முடித்தவர்கள், எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது" என்று இருந்தால் அவர்கள் தேடுவது படிப்பை. "இரண்டிலிருந்து நான்கு வருட அனுபவம், அளவுக் கருவிகள் தெரிய வேண்டும், வாடிக்கையாளர் புகாரைக் கையாண்டிருக்க வேண்டும்" என்று இருந்தால் வேலையை. பல விளம்பரங்களில் முதல் இரண்டு வரியிலேயே இது தெரிந்துவிடும்.

படி 2: இரண்டு கட்டம் போட்டு எண்ணுங்கள்

இன்னொரு தாளில் இடப்பக்கம் படிப்பு, வலப்பக்கம் வேலை. இரண்டிலும் மாதமும் வருடமும் எழுதுங்கள். கோடு போட்ட ஒவ்வொரு விஷயத்துக்கும் பதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு டிக். அதிக டிக் வாங்கிய கட்டம் மேலே போகும். சமமாக வந்தால் எது சமீபத்தியதோ அது மேலே.

தம்பி ட்ரெய்னி விளம்பரம் ஒன்றையும் குவாலிட்டி இன்ஜினியர் விளம்பரம் ஒன்றையும் வைத்து இதைச் செய்தார். முதலாவதில் நான்கு டிக்கும் படிப்புப் பக்கம். இரண்டாவதில் ஐந்தில் நான்கு வேலைப் பக்கம், பி.இ. என்பதற்கு மட்டும் ஒன்று படிப்புப் பக்கம். அவருக்கு ஒரே ரெஸ்யூம் போதாது, இரண்டு தேவை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

படி 3: இடம் மாற்றுங்கள், அளவையும் மாற்றுங்கள்

பலர் பத்தியை வெட்டி மேலே ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். மேலே போகும் பகுதி விரிய வேண்டும், கீழே வரும் பகுதி சுருங்க வேண்டும்.

ட்ரெய்னி ரெஸ்யூமில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே நேராகப் படிப்பு. முதல் வரி பி.இ. மெக்கானிக்கல், கல்லூரி, 2024, பத்துக்கு 8.1, அரியர் இல்லை. அடுத்த வரி டிப்ளமோ, 2018, சதவீதம். அதற்குக் கீழே பத்தாம் வகுப்பு. டிப்ளமோ வழியாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு இருக்காது. அந்த இடத்தைச் சும்மா விட்டால் படிக்கிறவர் தேடுவார், அதனால் "லேட்டரல் என்ட்ரி" என்று பி.இ. வரியிலேயே போட்டோம். அடுத்து கடைசி வருட ப்ராஜெக்ட் நான்கு வரியில். மூன்று வருட வேலை அதற்கும் கீழே, மூன்றே வரியில்.

குவாலிட்டி இன்ஜினியர் ரெஸ்யூமில் வேலை மேலே ஏறியது. முன்பு சோதனை வேலையைப் பற்றி "உள்ளே வரும் பாகங்களைச் சோதித்தேன்" என்று ஒரே வரிதான் இருந்தது. என்னென்ன பாகம், எந்தக் கருவி என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் வைத்துச் சோதித்தது, தினமும் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் போட்டது, வாடிக்கையாளர் தணிக்கைக்கு ரெக்கார்டு தயார் செய்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. படிப்பு கீழே இரண்டு வரி. பத்தாம் வகுப்பு மார்க் இதில் இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. வேலை 2021-ல் முடிகிறது, அது மேலே இருக்கிறது. மூன்று வருடம் என்ன செய்தார் என்ற கேள்வி உடனே எழும். அதனால் பெயருக்குக் கீழே ஒற்றை வரி வைத்தோம்: மூன்று வருட தரக்கட்டுப்பாட்டு அனுபவம், அதன்பின் முழுநேர பி.இ., 2024. இந்த வரி இருந்தால் கீழே எந்த வரிசை வந்தாலும் குழப்பம் வராது.

படி 4: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

தம்பியின் கதை கொஞ்சம் சிக்கலானது. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

கல்லூரியை இப்போதுதான் முடித்தவர் என்றால் படிப்புதான் மேலே. ஐந்து நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங்கை அனுபவம் என்ற தலைப்பில் போடாதீர்கள். படிக்கிறவருக்கு அது என்னவென்று தெரியும், மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும். ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து, விண்ணப்பிக்கும் வேலையும் அதே வேலையாக இருந்து, விளம்பரம் மார்க்கைப் பற்றிப் பேசாமல் இருந்தால் மட்டும் அதை மேலே ஏற்றலாம்.

முதல் வேலையிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கல்லூரியில் போட்ட ரெஸ்யூமின் அடியில் வேலையை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். ஒன்றரை வருடம் வேலை பார்த்தவரின் முதல் வரியில் பள்ளிப் பெயர் இருக்கும்! என் கணக்கில், படிப்புக்குப் பொருத்தமான வேலையில் ஒரு வருடம் தாண்டினால் வேலை மேலே வந்துவிட வேண்டும். பி.இ. முடித்துவிட்டு கால் சென்டரில் ஒரு வருடம் இருந்தவர் இப்போது இன்ஜினியரிங் வேலைக்குப் போடுகிறார் என்றால் கதை வேறு. படிப்பு மேலேயே இருக்கட்டும், கால் சென்டர் கீழே இரண்டு வரியில். மறைக்க வேண்டாம், பின்னால் பிஎஃப் கணக்கில் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் படிப்பு கடைசியில், டிகிரியும் கல்லூரியும் வருடமும் மட்டும். சதவீதமும் கல்லூரி ப்ராஜெக்ட்டும் வேண்டாம். விளம்பரத்தில் கேட்டால் மட்டும் மார்க்.

இடையில் மறுபடி படித்தவர்களுக்கு ஒரு கேள்விதான்: வேலையை விட்டுவிட்டுப் படித்தீர்களா, பார்த்துக்கொண்டே படித்தீர்களா? முழுநேர எம்பிஏ போன்றது என்றால், அந்தப் படிப்பை நம்பி எடுக்கும் வேலைகளுக்கு, அடுத்த வேலை கிடைக்கும்வரை படிப்பு மேலே. தொலைநிலையிலோ மாலை நேரத்திலோ என்றால் வேலை மேலேயே இருக்கும், படிப்புக்கு எதிரில் முடிக்கப்போகும் வருடத்தை எழுதினால் போதும்.

கல்லூரி ஆசிரியர் பணி இந்தக் கணக்குக்குள் வராது. அங்கே பிஎச்.டி.யோ நெட், செட் தேர்ச்சியோ இருபது வருட அனுபவத்துக்குப் பிறகும் மேலேதான் இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அது இல்லாமல் அந்த இருபது வருடத்தையே பார்க்கமாட்டார்கள்.

படி 5: மடித்துப் பாருங்கள்

முதல் பக்கத்தை மூன்றாக மடியுங்கள். மேல் மடிப்பை மட்டும் உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் பத்து நொடி காட்டிவிட்டு வாங்கிவிடுங்கள். "இவர் எந்த வேலைக்குப் போடுகிறார்?" என்று கேளுங்கள். தம்பியின் பழைய ரெஸ்யூமை என் மனைவியிடம் காட்டியபோது, "யாரோ கடுமையாக உழைப்பவர்" என்றார். மேலே நான்கு வரியில் இருந்த அப்ஜெக்டிவ்தான் அந்த மடிப்பைத் தின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதியதைக் காட்டியதும் "இன்ஜினியரிங் முடித்த பையன், குவாலிட்டி வேலை தெரியும்" என்றார். அது போதும்.

கடைசியாக இரண்டு விஷயம். தலைப்புகளுக்கு `Education`, `Work Experience` என்ற வழக்கமான பெயர்களையே வையுங்கள். பெரிய கம்பெனிகளில் மென்பொருள் ரெஸ்யூமைப் படித்துப் பிரிக்கும்போது அது இந்தத் தலைப்புகளைத் தேடும். "என் பயணம்" என்கிற மாதிரித் தலைப்பு வைத்தால் அதற்குப் புரியாமல் போகலாம். அப்புறம், வேலை தேடும் தளத்தில் நிரப்பிய வருடங்களும் ரெஸ்யூமில் இருக்கும் வருடங்களும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரெஸ்யூம் வைத்திருப்பவர்கள் ஒன்றில் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டிலும் வரிசை மாறலாம், தேதி மாறக் கூடாது.

மூன்று வாரத்தில் தம்பிக்கு ட்ரெய்னி ரெஸ்யூம் வழியாக ஒரு எழுத்துத் தேர்வும், மற்றது வழியாக ஒரு நேர்முகமும் வந்தன. தேர்வு எழுதி நேர்முகத்துக்குப் போன இடத்தில் முதல் கேள்வியே, "மூணு வருஷம் வேலை பார்த்துட்டு ட்ரெய்னி சம்பளத்துக்கு இருப்பீங்களா?" என்பதாம். "இதை எந்தப் பக்கத்துல எழுதணும் அண்ணே?" என்று என்னைக் கேட்டார். அதை ரெஸ்யூமில் எழுத முடியாது தம்பி, வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போ என்றேன்.