ஒதுக்கியது 99,250, கொடுத்தது 1,47,000: விலகும் ஊழியரின் இறுதிக் கணக்கு

மொரீசியஸின் எபேனில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் சம்பளக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. நான் முதன்முதலாக முடித்த இறுதிக் கணக்கில் ஊழியருக்குப் போன தொகை சரியாகத்தான் இருந்தது. ஆனால், அவர் போன பிறகும் அவர் பெயரில் பணிக்கொடை ஒதுக்கீடு ஏட்டில் அப்படியே நின்றது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தணிக்கையாளர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதே இடத்தில் நீங்கள் சிக்காமலிருக்க, ஒரு கணக்கை முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன்.

மொரீசியஸில் பழகியவர்களுக்கு ஒரு சொல். இங்கே முதலாளி பணிக்கொடைக்கான நிதிக்கு மாதாமாதம் பணமாகவே கட்டிவிடுகிறார். இந்தியாவில் தனி அறக்கட்டளையோ காப்பீட்டுத் திட்டமோ இல்லாத நிறுவனத்தில் ஒதுக்கீடு என்பது ஏட்டில் எழுதும் கடன் மட்டுமே. பணம் எங்கும் நகர்வதில்லை.

முதல் படி: எந்தச் சம்பளத்தின்மீது?

டேலியில் பணிக்கொடைக்கு ஒரு சம்பளத் தலைப்பு உருவாக்கி, மாதத்துக்கு 26 நாள், ஆண்டுக்கு 15 நாள் என்று கொடுங்கள். பிறகு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகிய இரண்டு தலைப்புகளில் மட்டும் `Use for calculation of gratuity` என்பதற்கு `Yes` கொடுங்கள். வீட்டு வாடகைப்படியிலும் தவறி `Yes` விழுந்துவிட்டால் தொகை வீங்கிவிடும். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைப் இந்தியாவின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். நம் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாம் படி: மாத ஒதுக்கீடு

```
மாத ஒதுக்கீடு = சம்பளம் × 15 ÷ 26 ÷ 12
பணிக்கொடை = கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × ஆண்டுகள்
```

முதல் வரி ஏறக்குறைய 4.81 சதவீதம். இது கைக்கணக்குதான்; பெரிய நிறுவனங்களில் காப்பீட்டுக் கணிப்பாளர் தரும் தொகையையே பதிவார்கள். இரண்டு வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒதுக்கீடு அந்தந்த மாதச் சம்பளத்தில் சேர்கிறது. கொடுப்பதோ எல்லா ஆண்டுகளுக்கும் கடைசிச் சம்பளத்தில்.

நம் ஊழியர் 2019 ஜூன் 1 அன்று சேர்ந்து, 2026 ஜனவரி 20 அன்று விலகினார். அவருடைய அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து முதல் மூன்று ஆண்டுகள் 20,800 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 26,000, அதன்பின் 36,400. முதல் கட்டத்தில் 36,000, இரண்டாவதில் 30,000, பிறகு டிசம்பர் வரையிலான 19 மாதங்களில் 33,250 என ஒதுக்கீடு 99,250 ரூபாய் சேர்ந்திருந்தது.

பணிக்காலம் 6 ஆண்டு, 7 மாதம், 20 நாள். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் 7 ஆண்டுகள். 36,400-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,400; அதை 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் 1,47,000. பற்றாக்குறை 47,750. இதில் 39,000 சம்பள உயர்வால் வந்தது. மீதி 8,750, காலத்தை முழு ஆண்டாக்கியதால் வந்தது. இப்படிப் பிரித்து எழுதி வைத்தால் தணிக்கையாளரின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: பதிவு

ஒதுக்கீட்டுக் கணக்கில் 99,250 பற்று, பணிக்கொடைச் செலவில் 47,750 பற்று, ஊழியருக்குத் தர வேண்டியதில் 1,47,000 வரவு. நான் அன்று செய்த தவறு, முழு 1,47,000-ஐயும் செலவில் எழுதியது. முன்பே செலவாகப் போன 99,250 மறுபடியும் செலவானது. பதிந்த உடனே அவர் பெயரிலுள்ள ஒதுக்கீட்டு இருப்பைத் திறந்து பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் எங்கோ பிழை.

நான்காம் படி: மற்றவை

அவருடைய மொத்த மாதச் சம்பளம் 52,700. ஜனவரியின் 31 நாளில் 20 நாளுக்கு 34,000. மீதமிருந்த 12 நாள் விடுப்புக்கு, நிறுவன விதிப்படி நாளுக்கு 1,400 வீதம் 16,800. இரண்டும் சேர்ந்து 50,800.

பிடித்தம்: 30 நாள் முன்னறிவிப்பில் குறைந்த 10 நாளுக்கு 17,000, சம்பள முன்பணப் பாக்கி 8,500, 15,000 ரூபாய் உச்சவரம்பில் வைப்பு நிதி 1,800. மொத்தம் 27,300. (வருமான வரி இவருக்கு வரவில்லை; தொழில்வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) ஆக, சம்பளப் பக்கம் 23,500, பணிக்கொடையோடு சேர்த்து 1,70,500.

முன்னறிவிப்புக் குறைவையும் கடனையும் சம்பளத்திலும் விடுப்புத் தொகையிலும் மட்டுமே பிடியுங்கள். அவை போதாவிட்டாலும் பணிக்கொடையில் கை வைக்காதீர்கள். சட்டம் சொல்லும் ஒழுங்கீனம், சேதம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே அதை நிறுத்த முடியும். வைப்பு நிதிக் கணக்கீட்டிலும் பணிக்கொடை சேரக்கூடாது. வைப்பு நிதியை முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கும் நிறுவனங்களில் இந்தப் பிழை உடனே தெரியும்: கடைசி மாதப் பிடித்தம் திடீரென்று பல மடங்காகும்.

சம்பளப் பக்கத்தை விலகிய இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள் உண்டு. அதனால் இரண்டையும் தனித்தனிக் கொடுப்பனவாகப் பதிவதே எனக்குப் பிடித்த வழி. வேலைநாள் என்பது கோயம்புத்தூரின் வேலைநாள். மார்ச் 12 அன்று மொரீசியஸ் முழுக்கக் கொடியேற்றிக் கொண்டாடும்போது, என் கணினி மட்டும் திறந்திருப்பது இதனால்தான்.