Q-ஐ வைத்துச் சமநிலை நகரும் திசையை அறிதல்

சமநிலையில் மாற்றம் ஏற்படும்போது, லீ சாட்லியர் கொள்கையை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, வினை குணகமான Q-ஐச் சமநிலை மாறிலி K-யுடன் ஒப்பிடுவதே நம்பகமானது. Q சிறியதெனில் வினை முன்னோக்கியும், பெரியதெனில் பின்னோக்கியும் நகரும்.

N₂O₄ ⇌ 2NO₂ சமநிலையில் உள்ள வாயுக்கலவையை மூடிய சிரிஞ்சில் அழுத்திக் கன அளவைப் பாதியாக்கினால், இரண்டு வாயுக்களின் செறிவும் இரட்டிப்பாகின்றன. Q = [NO₂]²/[N₂O₄] என்பதால் தொகுதி 4 மடங்கும் பகுதி 2 மடங்கும் உயர்ந்து, Q = 2K ஆகிறது; ஆகவே வினை பின்னோக்கி நகரும். NO₂-இன் பழுப்பு நிறம் சட்டென அடர்ந்து, பிறகு சற்றே வெளிறுவதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் அது பழைய நிறத்தைவிட அடர்த்தியாகவே நிற்கும், ஏனெனில் செறிவு உயர்வில் ஒரு பகுதியை மட்டுமே வினை ஈடுசெய்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது: கன அளவை மாற்றாமல் ஆர்கானைச் சேர்த்தால் மொத்த அழுத்தம் உயரும், ஆனால் செறிவுகள் மாறாததால் Q அப்படியே இருக்கும், சமநிலை நகராது.

வெப்பநிலையில் மட்டும் கதை வேறு. சிரிஞ்சை வெந்நீரில் வைத்த கணத்தில் Q மாறுவதில்லை, K-தான் மாறுகிறது. முன்னோக்கு வினை வெப்பம் கொள்வதால் K உயர்ந்து, Q அதைவிடச் சிறியதாகிவிடுகிறது, நிறம் அடர்கிறது.