அம்மம்மாவின் மருந்துத் துண்டைத் தமிழில் எழுதுவது எப்படி?

வெள்ளவத்தையில் அம்மம்மாவோடு இருக்கிறேன். அவவுக்கு 81 வயது. கிளினிக்கில் தரும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கும், அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுவது என் வேலை. ஒருமுறை "காலையில் அரை குளிசை" என்று எழுதினேன். அம்மம்மா முழுக் குளிசையையும் உரலில் போட்டு அரைத்துக் குடித்துவிட்டா. "நீதானே அரை எண்டு எழுதினாய்?" பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து "பாதி" என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மாதத் துண்டு இது:

```
Metformin 500 mg   bd pc     1/12
Losartan 25 mg     mane      1/12
Paracetamol 1 g    tds prn   5/7
```

முதலில் சுருக்கெழுத்தை விரியுங்கள். முதல் வரியில் பீடி என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பீசி என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டாவதில் மானே என்றால் காலையில். மூன்றாவதில் டீடீஎஸ் என்றால் ஒரு நாளைக்கு மூன்று தடவை, பீஆர்என் என்றால் தேவைப்பட்டால் மட்டும். கடைசியில் இருப்பவை திகதியும் இல்லை, பின்னமும் இல்லை. வருடத்துக்கு 12 மாதம், அதனால் 1/12 என்றால் ஒரு மாதம். கிழமைக்கு 7 நாள், ஆகவே 5/7 என்றால் ஐந்து நாள். இதே கணக்கில் 2/52 என்றால் இரண்டு கிழமை. 1/12ஐப் பார்த்து "பன்னிரண்டில் ஒரு பங்கா?" என்று கேட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

ஓர் எழுத்தாவது தெளிவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். பாமசியில் காட்டிக் கேளுங்கள்.

அடுத்து, மில்லிகிராமைக் குளிசை எண்ணிக்கையாக்குங்கள். இங்கேதான் அதிகம் பிழைக்கும். துண்டில் லொசார்டன் 25 மில்லிகிராம், ஆனால் பாமசியில் தந்த அட்டையில் 50 என்று இருந்தது. அப்படியானால் ஒரு நாளைக்குப் பாதிக் குளிசை. பரசிட்டமோல் 1 கிராம், கையில் இருப்பது 500 மில்லிகிராம் குளிசை. அப்போது ஒரு தடவைக்கு இரண்டு. கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, தந்த குளிசைகளை எண்ணுங்கள். லொசார்டன் 15 இருந்தது, நாளுக்குப் பாதி என்றால் 30 நாள். மெட்ஃபோர்மின் 60, பரசிட்டமோல் 30. மூன்றும் துண்டோடு பொருந்தின. பொருந்தாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு பாமசிக்குத் திரும்பிப் போங்கள். அடுத்த மாதம் வேறு அட்டை வந்தால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். மருந்து அதேதான், ஆனால் எண்ணிக்கை மாறியிருக்கலாம்.

பிறகு எழுதுங்கள். மருந்தின் பெயரை அட்டையில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் விடுவேன், அம்மம்மா அதை அட்டையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. "ஒரு நாளைக்கு இரண்டு குளிசை" என்று எழுத மாட்டேன், ஒரேயடியாக இரண்டையும் விழுங்கிவிடக்கூடும். நான் எழுதியது இதுதான்:

Metformin 500: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 1 குளிசை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 1 குளிசை. ஒரு மாதம்.

Losartan 50 அட்டை: காலையில் பாதிக் குளிசை. ஒரு மாதம்.

Paracetamol 500: தேவைப்பட்டால் மட்டும். ஒரு தடவைக்கு 2 குளிசை. ஒரு நாளில் 3 தடவைக்கு மேல் வேண்டாம். 5 நாள்.

துண்டில் "இரண்டு தடவை" என்றுதான் இருந்தது. காலையும் இரவும் என்பதைப் பாமசியில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே எழுதினேன். லொசார்டனுக்குச் சாப்பாட்டைப் பற்றி டொக்டர் ஒன்றும் எழுதவில்லை. மேல் வரியில் இருக்கிறதே என்று இதற்கும் "சாப்பிட்ட பிறகு" சேர்க்கக் கை வரும், சேர்க்கக் கூடாது. மூன்றாவதில் எதற்குத் தேவை, எத்தனை மணித்தியால இடைவெளி என்பதும் இல்லை. டொக்டரிடம் கேட்டேன், முழங்கால் நோவுக்கு என்றார், இடைவெளியையும் சொன்னார். இரண்டையும் "டொக்டர் சொன்னது" என்று வேறு நிறப் பேனையால் கீழே எழுதினேன்.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் பரசிட்டமோலைப் பனடோல் என்றுதான் சொல்வோம். தலையிடிக்கு அலுமாரியில் இருக்கும் பனடோலையும், நோவுக்குத் துண்டில் உள்ளதையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்காகும். "இதுதான் பனடோல்" என்று பக்கத்தில் எழுதிவிட்டேன்.

கடைசியாக, திருப்பிச் சொல்லவையுங்கள். "விளங்கிச்சா அம்மம்மா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்லுவா. "நாளைக்குக் காலமை என்னென்ன போடுவீங்கள், எடுத்துக் காட்டுங்கோ" என்றேன். மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தா. லொசார்டனை உடைத்து ஒரு பாதியை உள்ளங்கையில் எடுத்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"மற்றப் பாதியை என்ன செய்யிறது, தம்பி?"

அதை நான் எழுதவே இல்லை. பாமசிக்குக் கோல் எடுத்தேன். மற்றப் பாதியை அட்டைக்குள்ளேயே வைத்து அடுத்த நாள் காலையில் போடச் சொன்னார்கள். லொசார்டன் வரிக்குக் கீழே அதையும் எழுதினேன்.