முதல் தள ஷவரிலிருந்து தொடங்குங்கள்: தொட்டி, குழாய், மோட்டார் அளவு கணக்கிடும் முறை

வீடு கட்டுபவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்பதுதான். ஆனால், வீட்டில் தண்ணீர் நன்றாக வருமா என்பதைத் தீர்மானிப்பது தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் முதல் தளக் குளியலறை. கணக்கையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து பேர் வாழும், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே சம்ப், மொட்டை மாடியில் தொட்டி.

1. தொட்டியின் கொள்ளளவு

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழக்கமாக எடுக்கும் அளவு. ஐந்து பேருக்கு 675 லிட்டர். விருந்தினர் வரவையும் மின்வெட்டையும் சேர்த்துப் பார்த்தால் 1000 லிட்டர் தொட்டி போதும். நிரம்பிய தொட்டி ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவரோ உத்தரமோ தாங்கும் இடத்தில் மேடை கட்டி வையுங்கள்.

2. தொட்டியின் உயரம்

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். உயரத்தைத் தொட்டியின் அடிப்பகுதியிலிருந்து அளக்க வேண்டும், ஏனென்றால் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் தளத் தரையிலிருந்து மொட்டை மாடி 3.2 மீட்டர், மேடை 1.2 மீட்டர், ஆக 4.4 மீட்டர். ஷவர் 2.1 மீட்டர் உயரத்தில் இருந்தால் மிஞ்சுவது 2.3 மீட்டர், அதாவது 0.23 பார். மேடை இல்லாமல் தொட்டியை மொட்டை மாடித் தரையிலேயே வைத்தால் 1.1 மீட்டர்தான் கிடைக்கும். தரைத்தள ஷவருக்கோ இன்னும் 3.2 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது, அதனால் அங்கே புகார் வருவதில்லை.

3. குழாயின் விட்டம்

கையில் இருப்பதே 2.3 மீட்டர்தான். அதை வழியில் குழாய் தின்றுவிடாமல் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் வேண்டும் என்று வைப்போம். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அரை அங்குலக் குழாயில் அந்த நீர் 10 மீட்டர் ஓடினால், உராய்வில் சுமார் 0.6 மீட்டர் உயரம் போய்விடும். அது தாங்கக்கூடியதே. அதே குழாயில் வாஷ்பேசின் குழாயையும் திறந்து 16 லிட்டர் ஓட வைத்தால் இழப்பு இரு மடங்காகாது, மூன்றரை மடங்குக்கு மேல் ஏறி 2 மீட்டரைத் தாண்டும். எல்போக்களின் இழப்பையும் சேர்த்தால் ஷவர் வெறும் சொட்டாகிவிடும். அதே 16 லிட்டருக்கு 20 மில்லிமீட்டர் குழாயில் இழப்பு அரை மீட்டர், 25 மில்லிமீட்டரில் 0.2 மீட்டருக்கும் குறைவு.

எனவே தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாய் ஒன்றேகால் அங்குலம், குளியலறை வரை ஒரு அங்குலம், உள்ளே முக்கால் அங்குலம், குழாய்முனைக்குச் செல்லும் கடைசி ஓரிரு மீட்டர் மட்டும் அரை அங்குலம் என்று பிரியுங்கள். சிபிவிசி வாங்கும்போது கவனம் தேவை: அரை அங்குலம் என்று விற்கும் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 12 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், அதில் இழப்பு இரண்டு மடங்குக்கு மேல். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வால்வை அடுத்து ஒரு காற்றுக்குழாயை நிறுத்தி, தொட்டியின் மேல் விளிம்புக்கு மேலே முடியுங்கள். அது இல்லாவிட்டால், தொட்டி காலியாகி நிரம்பிய பிறகு குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும்.

4. மோட்டார்

பெரிய மோட்டார் வைத்தால் ஷவர் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். மோட்டார் தொட்டியை நிரப்புவதோடு சரி, ஷவரின் அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

சம்பின் அடிமட்ட நீர் தரைக்கு 2 மீட்டர் கீழே. பீடம் 0.6, இரு தளங்கள் 6.4, மேடை 1.2, தொட்டி 1.2. மொத்தம் 11.4 மீட்டர். ஒரு அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றினால், வளைவுகள் உட்பட உராய்வு சுமார் 2 மீட்டர். ஆக 14 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1000 லிட்டர் நிரம்ப 35 நிமிடத்துக்குள் ஆகும். இதற்கு அரைக் குதிரைத்திறன் போதும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை, அதாவது தண்ணீரை ஏற்றும் உயரத்தை, பார்த்து வாங்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் வெளியே வராது. மோட்டாரோடு வரும் உயரம்-நீரளவுப் பட்டியலில் 14 மீட்டருக்கு எதிரே மணிக்கு 1800 லிட்டரோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் குழாய் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீர்மட்டத்துக்கு மேல் 6 மீட்டருக்குள் மோட்டார் இருக்க வேண்டும்.

5. சரிபார்த்தல்

தொட்டி பாதிக்குக் கீழே இருக்கும்போது, ஷவருக்குக் கீழே 10 லிட்டர் வாளி வையுங்கள். 75 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். அடுத்து வாஷ்பேசினையும் திறந்துகொண்டு மறுபடி அளந்து பாருங்கள். முதல் முறை சரியாக வந்து, இரண்டாம் முறை பாதியாகக் குறைந்தால் பொதுக் குழாய் சிறியது. இரண்டு முறையும் மெதுவாக இருந்தால் தொட்டியின் உயரம் போதாது, அல்லது ஷவர் முகப்பில் உப்பு அடைத்திருக்கிறது. முகப்பைக் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

சலவை இயந்திரமோ உடனடி நீர்சூடேற்றியோ வாங்கும் முன் அதன் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். முதல் தளத்தில் சலவை இயந்திரத்தின் நுழைகுழாய் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.34 பார் கிடைக்கும். கையேடு 0.5 பார் கேட்டால், அந்த இயந்திரத்தைத் தரைத்தளத்தில் வைப்பது, அழுத்த பம்பு வாங்குவதைவிட மலிவு.